சின்ன ரெடிமேட் கடையில் வாசல், டிஸ்ப்ளே, நடைபாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெடிமேட் கடை வைத்திருப்பவர்களும், புதிதாக வைக்கப் போகிறவர்களும் கடை அமைப்பு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களுக்கு ஒரே கடையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தாலுகா ஊர் ஒன்றின் பஸ் ஸ்டாண்டு ரோடு, 12 அடி அகலம், 32 அடி நீளம், பத்தடி உயரச் சீலிங். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான துணி. நம் ஊர்க் கடைத்தெருக்களில் இந்த அளவுக் கடைதான் அதிகம், இதில் வரும் சிக்கல்களும் ஏறக்குறைய ஒன்றேதான்.

கடையை மாற்றி அமைக்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பின்பாதியை. குறுகலாக நீண்டு போகும் கடையில் வாடிக்கையாளர் ஏழெட்டு அடி வந்து, நின்று, கேட்டு, வாங்கி, அல்லது வாங்காமல் திரும்பிவிடுவார். மீதி இருபத்துச் சொச்சம் அடிக்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறீர்கள். அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் பிரிக்காத அட்டைப் பெட்டிகள், போன தீபாவளியில் ஓடாத சரக்கு, ஒரு ஸ்டூல், சாப்பாட்டு கேரியர்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையின் படத்தை ஒரு தாளில் வரைந்து கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருபவர் நடந்த வழியைக் கோடாகப் போடுங்கள், நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இருபது முப்பது பேர் ஆனதும் தாளைப் பார்த்தால் வாசல் பக்கம் கறுத்துக் கிடக்கும், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையில் கோடு விழ வைப்பதற்குத்தான் பொம்மை, லைட், டேபிள் எல்லாம். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

வாசலில் நைட்டியும் சுடிதாரும் தொங்கவிட்டால்தானே இங்கே ஒரு துணிக்கடை இருப்பது தெரியும்? பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

துணிக்கடை என்பது தெரியும், அது உண்மை. ஆனால் அதனால் நடப்பது இன்னொன்றும் உண்டு. ஷட்டருக்கு மேலே இருந்து இரண்டு வரிசை நைட்டி தொங்கினால் ரோட்டில் போகிறவருக்குக் கடையின் உள்பக்கம் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறதா, இடம் இருக்கிறதா, என்ன விலைக் கடை என்று எதுவும் புரியாமல் துணிக்குள் தலையை நுழைத்து யாரும் வரமாட்டார்கள். வாசலில் நின்றபடியே 'இது எவ்வளவு?' என்று கேட்பார்கள். விலையைச் சொன்னதும் நகர்ந்துவிடுவார்கள். வியாபாரமே வாசற்படியில் முடிந்துபோகும்.

அப்புறம் தூசியும் வெயிலும். ரோட்டோரத்தில் ஒரு மாதம் தொங்கிய துணியின் தோள்பட்டையைத் தூக்கி, மடிப்புக்கு உள்ளே இருக்கும் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பு, ஊதா, கருநீலத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்தத் துணி பிறகு தள்ளுபடியில்கூடத் தயங்கித்தான் போகும்.

தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் வாசலின் ஒரு ஓரத்தில் ஒரே கம்பி, அதில் ஒரே வகைத் துணி, விலை எழுதிய அட்டையோடு. நடுவில் குறைந்தது ஐந்தடிக்குக் கண்ணும் காலும் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். ரோட்டுக்கு எதிர்ப்புறத்தில் நின்று பார்த்தால் கடையின் பின்சுவர் தெரிகிறதா என்பதுதான் பரீட்சை.

கடைக்குள் நுழைந்ததும் முதல் ஐந்தாறு அடியில் என்ன வைக்கலாம்? அதுதானே நல்ல இடம்?

கடைக்காரர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அந்த இடம் விற்பனைக்கு அவ்வளவு உதவாது. வெளியே வெயில், ஹாரன் சத்தம், வண்டியை நிறுத்திய பதற்றம். அதிலிருந்து உள்ளே வருபவருக்குக் கண் இருட்டுக்குப் பழக வேண்டும், நடை குறைய வேண்டும், கைப்பையைச் சரிசெய்ய வேண்டும். அந்த நான்கைந்து அடியைக் கடக்கும்போது அவர் எதையும் ஊன்றிப் பார்ப்பதில்லை. அங்கே வைத்த ஆஃபர் போர்டைப் படிப்பதில்லை. அங்கேயே நின்று 'வாங்க மேடம், என்ன பார்க்கிறீங்க?' என்று கேட்டால் 'சும்மாதான்' என்று பதில் வரும். அதற்குப் பிறகு அவர் சும்மாதான் பார்ப்பார்.

அதனால் நம் கடையில் முதல் ஐந்தடியைக் காலியாக விட்டுவிடுகிறோம். பக்கச் சுவர்களில் மட்டும் தட்டையாக ஏதாவது இருக்கலாம். கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டிய முதல் பொருள் ஆறு முதல் எட்டடிக்குள் இருக்கட்டும். வரவேற்பும் அங்கேதான் நடக்கட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லலாமா?

பாய் விரித்து உட்கார்ந்து சேலை பார்க்கும் கடைக்குச் சரி. ஹேங்கரில் தொங்கும் துணியை நின்று பார்த்து எடுக்கும் கடைக்கு வேண்டாம். பெல்ட் வைத்த செருப்பும் ஷூவும் போட்டவர்கள் கழற்றச் சோம்பல்பட்டே பார்வையை வாசலோடு முடித்துக்கொள்வார்கள். பத்து ஜோடி கிடந்தால் நாம் காலியாக விட்ட வழியும் அடைந்துவிடும். நல்ல கால்மிதி ஒன்றைப் போட்டு, தரையை அடிக்கடி துடைத்தால் போதும்.

கல்லா வாசல் பக்கம் இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கடையில் எத்தனை பேர் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதலாளி ஒருவரே எல்லாம் என்றால் கல்லாவில் உட்கார்ந்தபடி வாசலும் ட்ரையல் ரூம் கதவும் தெரிய வேண்டும். இரண்டும் தெரியும் இடம் பெரும்பாலும் கடையின் பாதியைத் தாண்டி, ஒரு பக்கச் சுவரை ஒட்டித்தான் அமையும். நம் 32 அடிக் கடையில் அது வாசலிலிருந்து இருபதடி தள்ளி, இடது சுவரில் வருகிறது. பில் போடவும் அவ்வளவு தூரம் வர வேண்டியிருப்பதால் பின்பாதியில் ஆள் நடமாட்டம் தானாக உண்டாகும்.

வாசலை ஒட்டிய கல்லாவில் இரண்டு தொந்தரவு. பில்லுக்கு நிற்பவர்களும் புதிதாக வருபவர்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். இன்னொன்று, உள்ளே வருகிறவர் முதலில் பார்ப்பது துணியை இல்லாமல் முதலாளியின் முகத்தை.

வாஸ்துப்படி வடக்கு அல்லது கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பது பல குடும்பங்களில் உறுதியான நம்பிக்கை. அதோடு சண்டை போட வேண்டியதில்லை. கல்லாவின் இடம் வேறு, நாற்காலி பார்க்கும் திசை வேறு. இருபதடி உள்ளே வைத்தும் கிழக்குப் பார்த்து உட்காரலாம்.

எத்தனை பொம்மை வாங்க வேண்டும்? அவற்றுக்கு எந்தத் துணியைப் போட வேண்டும்?

இந்த அளவுக் கடைக்கு நான்கு பொம்மை தாராளம். வாசல் கண்ணாடிக்குள் ஒரு பக்கமாக மூன்றைச் சேர்த்து நிறுத்துங்கள், ஒன்றைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஏழெட்டு பொம்மை நிற்கும் கடையைக் கடந்து போனவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. மூன்றும் ஒரே உயரத்தில் நிற்காமல், ஒன்றை ஆறு இன்ச் மரப்பெட்டியில் ஏற்றி, ஒன்றைச் சற்றே முன்னால் இழுத்து, ஒரு குழந்தைப் பொம்மையை அருகில் நிறுத்தினால் கண் மேலிருந்து கீழே இறங்கிவர ஒரு வழி கிடைக்கும்.

மூன்றுக்கும் ஒரு சம்பந்தம் இருக்க வேண்டும். கடுகு மஞ்சள் டாப்ஸ் ஒன்று, அதே மஞ்சளில் துப்பட்டா போட்ட வெள்ளைச் சுடிதார் ஒன்று, மஞ்சள் பார்டர் வைத்த பாவாடை சட்டையில் குழந்தை. இப்படி ஒரே நிறம் மூன்றிலும் வந்துபோனால் பத்தடி தூரத்திலிருந்தே ஒரு கூட்டமாகத் தெரியும். கடையில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொம்மை என்று பங்கு பிரித்தால் எதுவும் தெரியாது.

உடுத்துவதில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் அங்கேதான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. கவரிலிருந்து எடுத்த துணியில் மடிப்புக் கோடு குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். அயர்ன் பண்ணாமல் போட்டால் எவ்வளவு விலையுள்ள துணியும் மட்டமாகத் தெரியும். பொம்மை ஒல்லி, துணி எம் சைஸ், அதனால் தொளதொளவென்று நிற்கும். முதுகுப் பக்கம் இரண்டு கிளிப் போட்டு இழுத்துவிடுங்கள், முன்னால் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. குண்டூசி போட்டால் துணியில் ஓட்டை விழும். விலைச் சீட்டு தெரியட்டும். விலை தெரியாத பொம்மையைப் பார்த்தால் 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று நினைத்து நகர்கிறவர்கள் நிறைய.

இன்னொரு காட்சி எல்லாக் கடையிலும் நடப்பது. 'அந்தப் பொம்மையில இருக்கிறதைக் காட்டுங்க' என்பார் வாடிக்கையாளர். சேல்ஸ்கேர்ள் உள்ளே தேடுவார், கிடைக்காது, கடைசியில் ஸ்டூல் போட்டுப் பொம்மையின் கையைக் கழற்றித் துணியை உருவுவார். அது எம் சைஸ், கேட்டவருக்கு எக்ஸெல். அரை மணி நேரம் போனதோடு அந்த நாள் முழுக்க பொம்மை துணியில்லாமல் நிற்கும். இதைத் தவிர்க்க ஒரே வழி, எல்லா சைஸும் கையில் உள்ள துணியை மட்டுமே பொம்மைக்குப் போடுவது, அதே துணியை முதல் கம்பியின் முன்பகுதியில் தொங்கவிடுவது. சைஸ் உடைந்துவிட்டால் அன்றே பொம்மையை மாற்றிவிட வேண்டும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் தெருவில் அதே ஆள் எத்தனை முறை கடந்து போகிறார் என்று யோசியுங்கள். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள் என்றால் வாரம் ஒருமுறை. மேற்குப் பார்த்த கடையில் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணாடிக்குள் விழும், அங்கே ஒரு வாரத்துக்கு மேல் ஒரு துணியை விடவே கூடாது. சாயம் போய்விடும்.

பின்சுவரில் என்ன செய்வது? இப்போது அங்கே மேலிருந்து கீழ் வரை ரேக்தான்.

கடையிலேயே மதிப்பான சுவர் அதுதான். வாசலிலிருந்து நேராகத் தெரிவது அது ஒன்றே. பக்கச் சுவர்கள் இரண்டும் சாய்வாகத்தான் தெரியும், அவற்றில் தொங்கும் துணியின் ஓரங்களைத்தான் பார்க்க முடியும். பின்சுவர் முழு முகமாக நிற்கும். அங்கே ரேக்கும் அட்டைப் பெட்டியும் இருந்தால் 'இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, திரும்பிப் போகலாம்' என்று கடையே சொல்வதாக அர்த்தம்.

நம் கடையில் பின்சுவரின் 12 அடியில் நாலடி ட்ரையல் ரூமுக்குப் போகிறது. மீதி எட்டடியில் ரேக்கைக் கழற்றிவிட்டு, சுவருக்கு ஒரே நிறத்தில் கொஞ்சம் அடர்த்தியான பெயின்ட் அடிக்கிறோம். தரையிலிருந்து நாலடிக்கும் ஏழடிக்கும் இடைப்பட்ட பகுதிதான் வாசலில் நிற்பவரின் கண்ணில் படும். கீழே உள்ளதை நடுவில் இருக்கும் டேபிளும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள். அந்தப் பகுதியில் நாலைந்து துணிகளை முகம் தெரியும்படி மாட்டுகிறோம். நான்காவது பொம்மை அதன் நடுவில், ஓரடி உயர மேடையில் நிற்கிறது. துணிகள் பெரிய டிசைனும் அழுத்தமான நிறமுமாக இருக்க வேண்டும், ஏனென்றால் முப்பதடி தூரத்தில் பொடிப் பூ டிசைன் தெரியாது. நெருங்கிப் பார்க்க வேண்டிய எம்பிராய்டரி வேலையைப் பின்சுவரில் மாட்டி வீணாக்க வேண்டாம், அது டேபிளுக்கு.

அதுபோக, தேடி வந்து வாங்கும் பொருள்களைப் பின்பாதியில் வையுங்கள். லெக்கின்ஸ், நைட்டி, உள்பாவாடை, உள்ளாடை, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் வாங்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு வருபவர் கேட்பவை, எங்கே இருந்தாலும் போய் எடுப்பார். உள்ளாடை பின்னால் இருப்பது பெண்களுக்கும் வசதி, ரோட்டில் போகிறவர் பார்வையில் நின்று யாரும் சைஸ் கேட்க விரும்புவதில்லை. முன்பாதி, பார்த்ததும் ஆசைப்பட்டு எடுக்கும் துணிகளுக்கு.

நடுவில் டேபிளோ ரவுண்டு ஸ்டாண்டோ போடலாமா? இடம் வீணாகிறதே என்று இருக்கிறது.

இன்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடி என்றால் 144 இன்ச். பெரியவர்கள் துணி மாட்டும் ஹேங்கரின் அகலம் சுமார் 17 இன்ச், சுவரில் உரசாமல் இருக்கக் கொஞ்சம் சேர்த்தால் ஒரு பக்கக் கம்பிக்கு 22 இன்ச் வேண்டும். இரண்டு பக்கமும் கம்பி போட்டால் 44 போய் 100 இன்ச் மிச்சம். நடுவில் 30 இன்ச் டேபிள் போட்டால் இரு புறமும் 35 இன்ச்தான், அதாவது மூன்றடிகூட இல்லை. துணி பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றாலே ஏறக்குறைய 20 இன்ச் போய்விடும். மீதி 15 இன்ச்சில் இன்னொருவர் உரசாமல் போக முடியாது.

இந்த உரசல்தான் விஷயம். குனிந்து துணி பார்க்கும் பெண்ணின் பின்னால் யாராவது இரண்டு முறை இடித்துக்கொண்டு போனால், அவர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கடைக்காரரிடம் குறை சொல்லமாட்டார். 'அந்த டிசைன் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று நாம் நினைத்துக்கொள்வோம். எங்கே துணி நன்றாக இருந்தும் நகரவில்லையோ, அங்கே முதலில் வழியின் அகலத்தை அளந்து பாருங்கள்.

நம் கடைக்கு இப்படிச் செய்கிறோம். வலது சுவரில் 22 இன்ச் கம்பி. இடது சுவரில் கம்பி வேண்டாம், 14 இன்ச் தட்டுகள் போதும். மடித்த லெக்கின்ஸ், குழந்தைத் துணி, பெட்டியில் வரும் உள்ளாடை எல்லாம் அதில் அடங்கும். மிச்சம் 108 இன்ச். நடு டேபிள் 24 இன்ச் அகலம். மீதி 84-ஐச் சரிபாதியாகப் பிரிக்காமல், கம்பிப் பக்கம் 48, தட்டுப் பக்கம் 36 என்று விடுகிறோம். கம்பிப் பக்கம்தான் ஆட்கள் நிறைய நேரம் நிற்பார்கள், அங்கே நாலடி இருந்தால் ஒருவர் நிற்க இன்னொருவர் தாராளமாகக் கடக்கலாம்.

டேபிளின் நீளம் நாலடி, உயரம் இடுப்பளவு. வாசலிலிருந்து எட்டடி தள்ளித் தொடங்குகிறது. இதன் பின்னால் ஒரு மூன்றடி இடைவெளி விட்டு அதே அளவில் இன்னொன்று. ஒரே நீளமாகப் போட்டால் எதிர்ப்பக்கம் போகக் கடை முழுக்கச் சுற்ற வேண்டும், இடைவெளி இருந்தால் குறுக்கே புகுந்து போவார்கள். உயரமான ரவுண்டு ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம், பின்சுவரை மறைத்துவிடும். அகலம் பத்தடிக்குக் குறைவான கடையில் நடுவில் எதையும் போடாதீர்கள்.

வாடிக்கையாளர்கள் உள்ளே வந்ததும் வலது பக்கம்தான் திரும்புவார்கள் என்று படித்தேன். உண்மையா?

அது பெரும்பாலும் அமெரிக்கக் கடைகளைப் பார்த்து எழுதப்பட்டது, அங்கே ரோட்டில் வலது பக்கம் போகும் பழக்கம். நம் ஊரில் இடது. இரண்டையும்விட, உங்கள் கடைக்கு ஆட்கள் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து வருகிறார்களா, மார்க்கெட் பக்கமிருந்து வருகிறார்களா, கடைக்குள் லைட் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறது என்பவைதான் முடிவு செய்கின்றன. சனிக்கிழமை போட்ட தாளிலேயே பதில் இருக்கும்.

கம்பியில் குறைவாகத் தொங்கவிட்டால் 'கடையில் சரக்கே இல்லை' என்று நினைக்கமாட்டார்களா?

நம் மக்கள் நிறைந்த கடையை விரும்புகிறவர்கள், இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நிறைந்திருப்பது வேறு, திணித்திருப்பது வேறு. நாலடிக் கம்பியில் டாப்ஸ் முப்பது வரை நன்றாக இருக்கும். அறுபது மாட்டினாலும் பிடிக்கும். அப்போது ஒன்றை ஒரு கையால் உருவிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து வந்தால், அல்லது ஹேங்கர் கொக்கி சிக்கிக்கொண்டால், திணிப்பு. ஒரு கையில் குழந்தையையோ பையையோ வைத்திருக்கும் பெண்தான் நம் வாடிக்கையாளர், ஒரு கையால் எடுக்க முடியாத துணி அவருக்கு இல்லாத துணிதான்.

நிறைவாகத் தெரிய இன்னொரு வழி உண்டு. கம்பியின் இரு முனையிலும் ஒவ்வொரு துணி முகம் காட்டித் தொங்கட்டும். இடையில் உள்ளவற்றை நிறவாரியாக, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு அடுக்குங்கள். ஒவ்வொரு டிசைனுக்குள்ளும் சின்ன சைஸிலிருந்து பெரிய சைஸுக்கு. எல்லாக் கொக்கியும் சுவரைப் பார்த்தபடி ஒரே திசையில். இவ்வளவு செய்தால் முப்பது துணியே வண்ணச் சுவராகத் தெரியும்.

மாடிக் கம்பி, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பி போடுவதாக இருந்தால் மேல் கம்பியை ஆறரை அடிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அதுவே எட்டாக்கனி, கொக்கி வைத்த கோல் கையருகில் இருக்க வேண்டும். நீளமான அனார்கலிக்கும் நைட்டிக்கும் ஒற்றைக் கம்பிதான் சரிப்படும்.

லைட் நிறையப் போட்டிருக்கிறேன், ஆனாலும் கடை களையாக இல்லை. ஏன்?

எல்லா இடமும் ஒரே வெளிச்சமாக இருப்பதால். கண் எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே போகும், எல்லாமே பளிச்சென்றால் எங்கும் போகாது. பொது வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, வாசல் பொம்மை, முதல் டேபிள், பின்சுவர் ஆகிய மூன்றில் மட்டும் ஸ்பாட் லைட்டால் இரண்டு மூன்று மடங்கு வெளிச்சம் கொடுங்கள். வெளியே நிற்பவரின் பார்வை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவி உள்ளே போகும், கால் பின்தொடரும்.

ஸ்பாட் லைட்டைப் பொம்மையின் தலைக்கு நேர் மேலே மாட்டுவது வழக்கமான பிழை. தலையும் தோளும் வெளுத்து, துணியின் முன்பக்கம் நிழலில் விழும். பத்தடிச் சீலிங்கில், பொம்மைக்கு மூன்றடி முன்னால் மாட்டிச் சாய்த்துவிட்டால் வெளிச்சம் மார்பில் விழும்.

நிறம் இன்னொரு பிரச்சினை. வீட்டுக்கு வாங்கும் 6500 கெல்வின் ட்யூப் லைட்டில் மெரூன் மங்கும், முகம் வெளிறும். 4000 கெல்வின், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவான CRI பெட்டியில் 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். வாடிக்கையாளர்கள் துணியை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்க்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் லைட்டில் தெரியும் நிறத்தை அவர்கள் நம்பவில்லை.

பகலில் கண்ணாடிக்குள் இருக்கும் டிஸ்ப்ளே வெளியே தெரியவே மாட்டேன் என்கிறதே?

ரோட்டில் வெயில், உள்ளே இருட்டு என்றால் எந்தக் கண்ணாடியிலும் எதிர்வரிசைக் கடைதான் தெரியும். வெளியே இரண்டு மூன்றடிக்குச் சாய்ப்பு இறக்கி நிழல் கொடுங்கள், பொம்மைக்குப் போடும் துணியைப் பகலில் வெளிர் நிறமாகப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டி மிச்சக் கண்ணாடியையும் மறைக்காதீர்கள்.

ட்ரையல் ரூமுக்கு இடம் ஒதுக்குவது லாபமா? சின்னக் கடைதானே?

போட்டுப் பார்த்தவர் வாங்க வாய்ப்பு அதிகம், மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வருவதும் குறையும். நாலடிக்கு நாலடி போதும். திரைச்சீலை வேண்டாம், உள்தாழ்ப்பாள் உள்ள கதவு வையுங்கள். கதவின் மேல் கீழ் இடைவெளியைப் பெண்கள் முதலில் கவனிப்பார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருக்கவே கூடாது, சந்தேகம் வரும்படி அருகில் இருந்தாலே உள்ளே போகமாட்டார்கள். இரண்டு கொக்கி, ஒன்றில் புதுத் துணி, ஒன்றில் அவருடையது. முகத்துக்கு முன்னால் லைட், உச்சியில் மட்டும் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எந்தத் துணியும் பொருந்தாததுபோல் தோன்றும். வெளியே ஒரு பெரிய கண்ணாடியும், கூட வந்தவர் உட்கார ஒரு பெஞ்சும். அம்மாவோ அக்காவோ 'நல்லாருக்கு, எடு' என்று சொல்வதற்கு ஓர் இடம் வேண்டுமே. அந்தப் பெஞ்சுக்கு எதிரில் துப்பட்டாவும் லெக்கின்ஸும் இருந்தால் காத்திருப்பவர் சும்மா இருக்கமாட்டார்.

கொஞ்சம் சேலையும் விற்கிறேன். அதையும் ஹேங்கரில் மாட்டலாமா?

மாட்ட வேண்டாம். சேலை பார்க்கிறவர் விரித்து, முந்தியைப் பார்த்து, தோளில் போட்டுப் பார்ப்பார், அதற்கு உட்கார இடமும் விரிக்க ஒரு மேசையும் வேண்டும். பின்பாதியில் கல்லாவை ஒட்டி அதை அமையுங்கள்.

தீபாவளி நேரத்துக்கும் இதே அமைப்பு தாங்குமா?

தாங்காது. கடைசிப் பத்து நாள் கூட்டத்தில் பின்சுவர் அழகெல்லாம் யார் கண்ணிலும் படாது. இரண்டாவது டேபிளை எடுத்துவிடுங்கள், பில் போட ஒரு ஆளைக் கூடுதலாக வையுங்கள், ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பும்படி வழியை ஒற்றைச் சுற்றாக்குங்கள். கம்பியில் முப்பது என்ற கணக்கையும் அந்த வாரம் தளர்த்தலாம், விற்ற இடத்தை நிரப்ப ஆள் கிடைக்காது. கூட்டம் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். பல கடைகள் தீபாவளித் திணிப்போடே பொங்கல் வரை ஓட்டிவிடுகின்றன.

மாற்றியதால் பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொத்த விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள், அது முகூர்த்த நாள், சம்பளத் தேதி, மழை எல்லாவற்றுக்கும் ஆடும். ஒரே கிழமை, ஒரே நேரம், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று எண்ணிக்கை எடுங்கள்: உள்ளே வந்தவர்கள், இருபதடியைத் தாண்டியவர்கள், பில் போட்டவர்கள். வருபவர் கூடவில்லை என்றால் வாசலையும் கண்ணாடியையும் பாருங்கள். வருகிறார்கள், ஆனால் பின்னால் போகவில்லை என்றால் பின்சுவர் லைட்டும் நடு டேபிளும். பின்னால் வரை போயும் பில் ஆகவில்லை என்றால் அமைப்பில் குறை இருக்காது, விலையையோ சரக்கையோ ட்ரையல் ரூமையோ பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றுங்கள், செலவே இல்லாத வேலையில் இருந்து தொடங்கி: வாசலில் தொங்குவதைக் கழற்றுவது, பின்சுவர் முன்னால் உள்ள அட்டைப் பெட்டிகளை அப்புறப்படுத்துவது.